ஒன்பது கிலோ ஆனதும் திருப்பிவிடலாமா?

"பாப்பா எத்தனை கிலோ மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஒன்பது கிலோ நூறு" என்றாள் தங்கை. முந்தைய வாரம்தான் முதல் பிறந்தநாள் முடிந்து, தடுப்பூசிக்குப் போனபோது எடை பார்த்திருந்தாள்.

"அப்ப கவலையே இல்லை. ஒன்பது கிலோ தாண்டிட்டாலே முன்பக்கம் பார்த்து உட்கார வைக்கலாம். இதை எடுத்துக்குங்க."

அவர் காட்டிய சீட்டின் முதுகில் ஓர் ஆரஞ்சு வில்லை ஒட்டியிருந்தது. அதில் "9–18 கிலோ" என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்த வில்லையில் இருப்பதைத்தான் சொன்னார். ஆனாலும் அந்த சீட்டை வாங்க வேண்டாம் என்று தங்கையை நான் வெளியே அழைத்து வந்தேன். குழந்தைகளுக்கான கார் சீட் வாங்கும் பலர் தடுமாறுவது அந்த ஒன்பது கிலோவில்தான்.

எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கடைகளில் கிடைக்கும் சீட்டுகளில் பெரும்பாலானவை ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆர்44 என்ற விதியின்படி சோதிக்கப்பட்டவை. இந்தியாவின் தரநிலையான ஏஐஎஸ் 072-ம் அதைத் தழுவி எழுதப்பட்டதுதான். அந்த விதி குழந்தைகளை வயதால் பிரிப்பதில்லை, எடையால் பிரிக்கிறது. பிறந்ததிலிருந்து 10 கிலோ வரை பூஜ்யம் குழு, 13 கிலோ வரை பூஜ்யம் பிளஸ். 9 முதல் 18 கிலோ வரை ஒன்றாம் குழு. அதற்கு மேல் 15 முதல் 25 வரையும், 22 முதல் 36 வரையும் உள்ள இரண்டு குழுக்களுக்குப் பெரும்பாலும் காரின் பெல்ட்டையே சரியாகப் படியவைக்கும் உயர்த்தும் இருக்கைகள்தான். குழுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். ஒன்பது கிலோவிலிருந்து பதின்மூன்று கிலோ வரை ஒரே குழந்தை இரண்டு குழுவிலும் இருக்கலாம். ஒன்றில் அது பின்பக்கம் பார்த்து உட்காரும், இன்னொன்றில் முன்பக்கம் பார்த்து.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, நடுத்தர எடையுள்ள ஆண் குழந்தை பத்தாவது மாதத்துக்குள்ளேயே ஒன்பது கிலோவைத் தொட்டுவிடும். பெண் குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு வயது ஆகும். ஆக, வில்லையில் உள்ள எண்ணை மட்டும் நம்பினால், இன்னும் சரியாக நிற்கக்கூடத் தெரியாத பத்து மாதக் குழந்தையை முன்பக்கம் பார்த்து உட்கார வைத்துவிடலாம். விதி அதைத் தடுக்காது. தடுப்பது குழந்தையின் கழுத்து.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தோம். கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, அதாவது நொடிக்கு 14 மீட்டர். எதிலோ மோதி, முன்பாகம் நசுங்கி, அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் சுமார் இருபது மடங்கு விசையோடு முன்னே போகும். ஒன்பது கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 180 கிலோ மூட்டையைத் தாங்கும் பிடி வேண்டும். மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லும் எந்தத் தாயாலும் அது முடியாது.

குழந்தையை வாரில் நன்றாகக் கட்டி, முன்பக்கம் பார்த்து உட்கார வைத்திருந்தால் உடம்பு நின்றுவிடும். தலை நிற்காது. ஒரு வயதில் தலை மட்டுமே ஏறக்குறைய இரண்டு கிலோ இருக்கும். அது நாற்பது கிலோ விசையோடு கழுத்தை முன்னால் இழுக்கும். பெரியவர்களின் கழுத்தெலும்பு ஒவ்வொன்றும் ஒரே வளையமாக இறுகிய எலும்பு. இந்த வயதுக் குழந்தைக்கோ அது குருத்தெலும்பால் ஒட்டியிருக்கும் தனித்தனித் துண்டுகள். அவை முழுதாக ஒன்றுசேர மூன்று முதல் ஆறு வயது ஆகும். எடை ஒன்பதைத் தொட்டதால் எலும்பு சேர்ந்துவிடுவதில்லை.

பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு மோதலில் நடப்பது வேறு. தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாக சீட்டின் முதுகுக்குள் அமுங்குகின்றன. விசை முதுகு முழுக்கப் பரவிவிடுகிறது, கழுத்து தனியாக இழுபடுவதில்லை. ஸ்வீடன் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன் 1964-ல் வால்வோ காரில் சோதித்த முதல் குழந்தை இருக்கை இப்படித்தான் பின்பக்கம் பார்த்திருந்தது. ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்து படுத்து, ஏறும் விசையை முதுகில் தாங்கியதைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது.

இந்தக் குறையைத் திருத்தத்தான் 2013-ல் ஆர்129 என்ற புதிய விதி வந்தது. ஐ-சைஸ் என்று கடைகளில் சொல்வது இதில் ஒரு வகை. இது குழந்தையை எடையால் அல்ல, உயரத்தால் அளக்கிறது. பதினைந்து மாதம் தாண்டாமல் எந்தக் குழந்தையையும் முன்பக்கம் திருப்பக் கூடாது என்று சொல்கிறது. பழைய விதியில் இல்லாத பக்கவாட்டு மோதல் சோதனையும் இதில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பரோடு ஆர்44 சீட்டுகளின் விற்பனை முடிந்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே வாங்கியதைப் பயன்படுத்தத் தடையில்லை. நம் ஊரில் ஆர்44 சீட் விலை குறைவு, எளிதாகவும் கிடைக்கும். அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அதில் எந்தக் குழு என்று பார்த்து வாங்கினால் போதும்.

தங்கைக்கு நான் தேடியது பூஜ்யம் பிளஸ்ஸும் ஒன்றும் சேர்ந்த சீட். வில்லையில் "0–18 கிலோ" என்று இருக்கும். 13 கிலோ வரை பின்பக்கம் பார்த்துப் பொருத்தலாம், பிறகு அதையே திருப்பி 18 கிலோ வரை ஓட்டலாம். நடுத்தர எடையுள்ள பெண் குழந்தை 13 கிலோவை எட்ட இரண்டரை வயது தாண்டும். ஒல்லியான நம் குழந்தைகளுக்கு இன்னும் சில மாதம் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு முன் உயரம் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்பக்கம் பார்த்த சீட்டில் உச்சந்தலை பிளாஸ்டிக் கூட்டின் மேல்விளிம்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். விளிம்பைத் தொட்டுவிட்டால், எடை எத்தனை இருந்தாலும் அந்த சீட் அதற்குச் சின்னதாகிவிட்டது என்று அர்த்தம்.

"காலை நீட்ட இடமில்லையே அக்கா, மடக்கிட்டு உட்காரணுமே?" என்றாள் தங்கை. அவள் மகள் வீட்டுத் தரையில் எப்படி உட்காருகிறாள் என்று கேட்டேன். சம்மணம் போட்டுத்தான். காரிலும் அப்படித்தான் உட்காருவாள்.

இரண்டாவது கடையில் சீட்டைக் கீழே இறக்கச் சொல்லி, குழந்தையை உட்கார வைத்து வார்களைச் சோதித்தோம். இதைச் செய்யாமல் சீட் வாங்கக் கூடாது. நல்ல சீட்டில் வார் ஐந்து இடத்தில் பிடிக்கும்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று. நடுவில் வரும் அந்தக் குட்டை வார்தான் பெரிய வேலை செய்கிறது. அது இல்லையென்றால் மோதலில் குழந்தை கீழே வழுக்கும். இடுப்பு வார் எலும்பை விட்டு மேலேறி, மெத்தென்ற வயிற்றை அமுக்கும். ஆர்44 வில்லையில் கிலோவுக்குப் பக்கத்தில் ஆங்கில ஒய் எழுத்து இருந்தால், கால்நடு வார் உள்ள சீட் என்று பொருள்.

தோள் வார்கள் சீட்டின் முதுகிலிருந்து எந்த உயரத்தில் வெளியே வருகின்றன என்பதுதான் அடுத்தது. பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தைக்கு அவை தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வர வேண்டும். முன்பக்கம் பார்த்தால் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. தலைகீழாகத் தோன்றினாலும் காரணம் எளிது. பின்பக்கம் பார்த்திருக்கும் குழந்தை மோதலில் சீட்டின் முதுகோடு தலைப்பக்கமாக மேலேறப் பார்க்கும். கீழிருந்து வரும் வார் தோளை அமுக்கி நிறுத்தும். முன்பக்கம் பார்த்திருக்கும் குழந்தைக்கு வார் கீழிருந்து வந்தால், அது தோளைக் கீழே இழுத்து முதுகெலும்பை நசுக்கும்.

சில சீட்டுகளில் இந்த உயரத்தை மாற்ற, பின்னால் ஓர் இரும்புத் தகட்டில் மாட்டியிருக்கும் வார்களைக் கழற்றி, வேறு துளை வழியாக விட்டு, மறுபடி மாட்ட வேண்டும். குழந்தை வளர வளர இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும், வீட்டில் யாரும் செய்வதில்லை. செய்தாலும் ஒரு வார் முறுக்கிக்கொள்ளும், அல்லது தகட்டில் சரியாக மாட்டாமல் தொங்கும். தலைவைக்கும் பகுதியைத் தூக்கினால் தோள் வாரும் கூடவே உயரும் சீட்டுகள் உண்டு. கொஞ்சம் விலை கூடினாலும் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். மெத்தையில் செலவழிப்பதைவிட அதில் செலவழிக்கலாம்.

இறுக்கம் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இடுப்புப் பக்கத்தைப் பூட்டி, தொடைமேல் கிடக்கும் தொய்வை மேலே இழுத்துவிட்டு, பிறகு காலடியில் உள்ள வாரை இழுத்து இறுக்குங்கள். இப்போது தோள்மேல் படிந்திருக்கும் வாரைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலுக்குள் சிக்கினால் இன்னும் தொய்வு இருக்கிறது. விரல் வழுக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். பக்கிளின் சிவப்புப் பொத்தானை நான்கைந்து கிலோவாவது அழுத்தினால்தான் திறக்கும். குழந்தையின் விரலுக்கு எளிதில் திறக்கக் கூடாது என்பதற்காகவே விதி அப்படி வைத்திருக்கிறது.

இங்கே அம்மாவுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம் ஆனது. "சீட்டு மொறமொறன்னு இருக்கு, பழைய புடவையை மடிச்சுப் போடுடி, குழந்தைக்கு மெத்துனு இருக்கும்" என்றாள். முதுகுக்குக் கீழே மடித்த துணி வைத்தால், இறுக்கிய வார் துணியைத்தான் பிடித்திருக்கும். மோதலில் துணி நசுங்கி, இரண்டு விரல் அளவுக்குத் தொய்வு வந்துவிடும். தனியாக விற்கும் தலையணை, கழுத்து வளையம், தோள் உறை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சீட்டோடு வந்து சீட்டோடு சோதிக்கப்பட்டவை இருக்கட்டும், வெளியிலிருந்து எதையும் சேர்க்க வேண்டாம். அம்மா கேட்டதற்கு வேறு ஒரு வழி சொன்னேன். வெயிலில் கார் நின்றால் பக்கிளின் உலோகம் குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும். அந்தப் புடவையை, குழந்தை இல்லாத நேரத்தில் சீட்டின் மேல் போர்த்தி வைக்கலாம்.

இனி வில்லை. அதைக் கையில் பிடித்து வாசிக்கத் தெரிந்துகொண்டால் பாதிக் கடைகளில் ஏமாற மாட்டோம். ஆர்44 வில்லையில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும், பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். எண் எந்த நாடு அங்கீகாரம் கொடுத்தது என்பதைச் சொல்லும்: 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து, 11 என்றால் பிரிட்டன். சீட் எந்த நாட்டில் தயாரானது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை, சீனாவில் செய்த சீட்டுக்கு நெதர்லாந்து அங்கீகாரம் இருப்பது வழக்கமான விஷயம். அதன் கீழே உள்ள அங்கீகார எண் 04 என்று தொடங்க வேண்டும். அது விதியின் நான்காவது திருத்தத்தைக் குறிக்கும். 01, 02 என்று தொடங்கும் பழைய சீட்டுகளை ஐரோப்பாவில் 2008-லேயே பயன்பாட்டிலிருந்து விலக்கிவிட்டார்கள். மச்சில் கிடக்கும் சீட்டை யாராவது அன்பாகக் கொடுத்தால் அந்த இரண்டு இலக்கங்களை முதலில் பாருங்கள். வில்லையே இல்லாவிட்டாலும், விபத்தில் இருந்ததா என்று தெரியாவிட்டாலும் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதே வில்லையில் "யுனிவர்சல்" என்றிருந்தால் காரின் சாதாரண பெல்ட்டைக் கொண்டே பெரும்பாலான கார்களில் பொருத்தலாம். "செமி-யுனிவர்சல்" என்றிருந்தால் கூடவே ஒரு கார்ப் பட்டியல் வரும், உங்கள் கார் அதில் இருக்க வேண்டும். தரையில் ஊன்றும் கால் உள்ள சீட்டுகள் பல இந்த வகை. உங்கள் காரின் தரையில் மூடி போட்ட பொருள்பெட்டி இருந்தால், அந்தக் கால் மூடியின் மேல் ஊன்றக் கூடாது, உடைந்து உள்ளே போகும்.

தங்கை ஏற்கெனவே இணையத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். எட்டு நூறு ரூபாய்க்கு, துணியில் தைத்த மெத்தை, நான்கைந்து வார், காரின் இருக்கையைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பட்டை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கூடு இல்லை, தலைக்குப் பக்கச் சுவர் இல்லை, வில்லையும் இல்லை. கீழே நூற்றுக்கணக்கான பாராட்டுகள் மட்டும் இருந்தன. உட்காரவைக்க அது உதவும், மோதலில் உதவ அதில் எதுவுமே இல்லை.

நியூஜெர்சியில் இருக்கும் அவள் நாத்தனார், "எங்க பையனோட சீட் இருக்கு, வர்றப்ப எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லியிருந்தார். உறவினர் வெளிநாட்டில் இருக்கும் நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. அமெரிக்க சீட்டில் ஈ வட்டம் இருக்காது. அங்கே எஃப்எம்விஎஸ்எஸ் 213 என்ற தனி விதி, அதற்குத் தனி எழுத்து. நெஞ்சுக்கு நேரே ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். ஆர்44 சீட்டில் அது கிடையாது, ஒரே பக்கிளை ஒரே அழுத்தில் திறந்து குழந்தையை எடுக்க வேண்டும் என்பது அந்த விதி. அமெரிக்க சீட் மோசமானது என்று சொல்லவில்லை. அங்குள்ள கார்களின் பின்பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துவிட்டால் அது உள்ளே மட்டும் போகும், வெளியே வராமல் பூட்டிக்கொள்ளும். அதை நம்பித்தான் அங்குள்ள பல சீட்டுகளைப் பொருத்துகிறார்கள். நம் கார்களின் பெல்ட் பெரும்பாலும் திடீரென்று இழுத்தால் மட்டுமே பூட்டும். மெல்ல இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். சீட்டிலேயே பெல்ட்டைப் பூட்டும் கவ்வி இல்லாவிட்டால், ஒவ்வொரு வளைவிலும் சீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துவிடும். நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது, தன் சீட்டில் அந்தக் கவ்வி இல்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டார். மனத்தாங்கல் எதுவும் இல்லை.

கடைசியில் வாங்கியது 0–18 கிலோ, ஈ4, 04-ல் தொடங்கும் எண், யுனிவர்சல், ஒய். தங்கையின் கார் பத்து வருடப் பழைய சின்ன கார், ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் கிடையாது. பெல்ட்டால் பின்பக்கம் பார்த்துப் பொருத்தும்போது பெல்ட் கூட்டைச் சுற்றி வர வேண்டும், அதற்கு நீளம் போதுமா என்று கடை வாசலிலேயே காரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தோம். நான்கு விரல் மிச்சத்தில் எட்டியது. பொருத்தியபின் பெல்ட் போகும் இடத்தில் கூட்டைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தோம். ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடினால் மறுபடி பொருத்த வேண்டும். முதல் முறை இரண்டு அங்குலம் ஆடியது. மாப்பிள்ளை முழங்காலைச் சீட்டில் ஊன்றி அமுக்கிக்கொண்டே பெல்ட்டை இழுத்தபிறகுதான் நின்றது.

இடது பின்பக்கம் வைத்தோம், நடைபாதைப் பக்கமாகக் குழந்தையை இறக்கலாம் என்பதால். முன் இருக்கையில் வைத்தால் கண்ணெதிரே இருக்குமே என்று மாப்பிள்ளை கேட்டார். அங்கே ஏர்பேக் இருக்கிறது. பின்பக்கம் பார்க்கும் சீட்டின் முதுகு அதற்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கும். விரியும் பை அந்த முதுகைக் குழந்தையின் தலையோடு சேர்த்து அறையும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ இருக்கையோ இல்லாமல் காரில் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. எந்த இருக்கையில், எந்தத் திசையில் என்பதை நாம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் வாரம் குழந்தை அழுதது. இரண்டாவது வாரம் ஈசிஆர் ரோட்டில் மாமல்லபுரம் போகும்வரை தூங்கியது. தங்கை போன மாதம் ஒரு படம் அனுப்பினாள். எடை 10 கிலோ 400, தோள் வார் ஒரு படி கீழே தெரிகிறது, தூக்கிவிடட்டுமா என்று கேட்டிருந்தாள். படத்தில் வார் தோளுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. இன்னும் பின்பக்கம்தானே பார்க்கிறாள், அப்படியே இருக்கட்டும், இரண்டு விரல் ஆனதும் தூக்கு என்று பதில் போட்டேன்.